அரிசி ஆலைக்கு ஆய்வுக்குச் செல்லும் முன்: எதைப் பார்ப்பது, எப்போது போவது, எந்தக் காகிதத்தைக் கேட்பது

திருச்சியில் அரிசியைச் சிப்பம் போட்டு விற்கும் ஒரு நிறுவனத்தின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் புழுங்கல் அரிசி தரும் ஆலைகள் பெரும்பாலும் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் இருக்கின்றன. பிரிவுக்குப் புதிதாக வருபவர்களிடம் ஓர் ஆலை ஆய்வுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் முதலில் நாட்காட்டியைத் திறந்து தேதி குறிக்கிறார்கள். பிறகு அந்தத் தேதிக்குள் வேலையைத் திணிக்கப் பார்க்கிறார்கள். எதைப் பார்க்கப் போகிறோம் என்பது எந்த நேரத்தில் அங்கே நிற்க வேண்டும் என்பதையும், அந்த நேரம் எந்தத் தேதி சரிப்படும் என்பதையும் தீர்மானிப்பதால், தேதி மூன்றாவதாகத்தான் வர வேண்டும். 2025 பிப்ரவரியில் நீடாமங்கலம் பக்கத்து ஆலை ஒன்றுக்கு நாங்கள் செய்த ஏற்பாட்டை உதாரணமாக வைத்து, வரிசையாகச் சொல்கிறேன்.

1. ‘ஆடிட்’ என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள்

டெல்டா ஆலைக்காரர்களுக்கு ஆடிட்டர் என்றால் ஆண்டுக் கணக்கு முடித்துக் கொடுப்பவர். “அடுத்த மாதம் ஆடிட்டுக்கு வருகிறோம்” என்று மட்டும் தொலைபேசியில் சொன்னால், ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கி அறிக்கையும் மேசையில் தயாராக இருக்கும். ஊறல் தொட்டியின் வெப்பநிலைப் பதிவேடு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கைப் பார்க்க வருகிறார்கள் என்று முதலாளி நினைத்துவிட்டால், விலை கேட்கத்தான் வருகிறார்கள் என்ற ஐயம் அவருக்கு வந்துவிடும். அதன் பிறகு எந்தக் கேள்விக்கும் அரைப் பதில்தான் கிடைக்கும்.

ஆகவே முதல் பேச்சிலேயே, “உணவுப் பாதுகாப்பும் அரிசித் தரமும் சம்பந்தமான ஆலை ஆய்வு, வரவுசெலவுக் கணக்கு பார்ப்பதில்லை” என்று சொல்லிவிடுங்கள். கடிதத்திலும் அதே சொற்கள் இருக்கட்டும்.

2. ஆய்வு எல்லையை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்

எல்லை என்பது எந்தப் பொருள், எந்த இடங்கள், எந்தக் காலம் என்ற மூன்றும் அடங்கியது. எங்கள் உதாரணத்தில் பொருள், எங்களுக்கு வரும் புழுங்கல் அரிசி மட்டும்; அதே ஆலையில் ஓடும் பச்சரிசி வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. காலம், முந்தைய நான்கு மாதங்கள், அதாவது 2024 அக்டோபர் முதல் 2025 ஜனவரி வரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரும் நெல் ஈரமாக இருக்கும், உலர்த்துவது தாமதமாகும், அரிசியில் நிறமும் மணமும் மாறும் என்பதால்தான் அந்த மாதங்களைச் சேர்த்தோம். கோடைப் பதிவேட்டைப் புரட்டினால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

இடங்களைப் பெயர் சொல்லி எழுதுவதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ‘ஆலை வளாகம் முழுவதும்’ என்று எழுதினால் வளாகத்துக்கு வெளியே இருப்பது எதுவும் எல்லைக்குள் வராது. நெல் இறக்கும் இடம், எடைமேடை, ஊறல் தொட்டி, அவிக்கும் கலன், உலர்த்தி, களம், அரவைக் கூடம், நிறம் பிரிக்கும் இயந்திரம், சிப்பம் போடும் இடம், பாய்லர் அறை, ஊறல் நீர் சுத்திகரிப்பு, கழிப்பறை, அதற்கு மேல் “நெல்லோ அரிசியோ சாக்கோ வைக்கப்படும் வெளிக் குடோன்கள் அனைத்தும்” என்று எழுதுங்கள். கடைசித் தொடர் ஏன் முக்கியம் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.

தொழிலாளர் நிலையையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்ல வேண்டும். பல ஆலைகளில் சுமைக்கும் அவியலுக்கும் வட மாநிலத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். மேஸ்திரியே மொழிபெயர்த்தால் மேஸ்திரி சொல்ல விரும்பும் பதில்தான் வரும் என்பதால், இந்தி தெரிந்த ஒருவரை நம் பக்கத்திலிருந்து அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும். எங்கள் பிப்ரவரி ஆய்வில் அதைச் சேர்க்கவில்லை. இரண்டு அரை நாளில் இரண்டையும் சரியாகச் செய்ய முடியாது.

3. ஆலையின் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று கேட்டு, நேரத்தை அதற்குப் பொருத்துங்கள்

புழுங்கல் அரிசியின் தரம் பெரும்பாலும் ஆள் பார்க்காத நேரத்தில் முடிவாகிறது. இந்த ஆலையில் இரவு ஒன்பது மணிவாக்கில் நெல் தொட்டியில் இறங்கும். சூடேற்றிய நீரில் ஊறி, அதிகாலை நான்கு மணிக்கு நீர் வடிக்கப்பட்டு, நாலரைக்கு நீராவியில் அவியத் தொடங்கும். பிறகு உலர்த்தி. அரவை பகலில் நடக்கும். திருச்சியிலிருந்து காலையில் கிளம்பி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, பதினொரு மணிக்கு ஆலைக்குள் நுழைபவர் பார்ப்பது அரவையையும் சிப்பம் போடுவதையும் மட்டுமே. அங்கே இயந்திரம் பளபளவென்று இருக்கும். ஊறலையும் அவியலையும் பற்றி அவர் அறிக்கையில் எழுதுவதெல்லாம் கேள்விப்பட்டது.

எனவே ஒரே முழு நாளுக்குப் பதிலாக, முதல் நாள் பிற்பகலும் மறுநாள் காலையும் என்று இரண்டு அரை நாட்களாகப் பிரித்தோம். முதல் நாள் இரண்டு மணிக்குச் சென்று நெல் வரத்து, குடோன், அரவை, சிப்பம். இரவு ஒன்பதரைக்கு அரை மணி நேரம் தொட்டியருகே. மறுநாள் நாலரைக்கு அவியலும் உலர்த்தியும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பதிவேடுகள். பன்னிரண்டுக்கு நிறைவுக் கூட்டம். தங்குவதற்கு மன்னார்குடியில் அறை எடுத்தோம், ஏனெனில் தஞ்சாவூரில் தங்கினால் நாலரை மணிக்கு வந்து சேர மூன்று மணிக்கே எழ வேண்டும்.

தொட்டியருகே நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் கவனிப்பது ஒன்றே ஒன்று. பதிவேட்டில் எழுதப்படும் நீர் வெப்பநிலையும், நாம் கொண்டுபோன வெப்பமானி காட்டுவதும் ஒன்றாக இருக்கின்றனவா? நாங்கள் போன இரவில் பணியாளர், மானியைப் பார்க்காமலே பக்கம் முழுவதும் 65 என்று எழுதிக்கொண்டிருந்தார். நீர் 52 பாகையில் இருந்தது. நீர் குறைந்த சூட்டில் இருந்தால் ஊறும் நேரம் நீள வேண்டும். நேரத்தை நீட்டாமல் வடித்தால் நெல்லின் நடுப்பகுதி அவியாமல் அரிசியில் வெள்ளை வயிறு தெரியும். அளவு மீறி நீட்டினால் ஊறல் நாற்றம் ஏறும். எங்களுக்கு வந்த புகார்கள் இரண்டு வகையிலும் இருந்ததன் காரணம் அந்தப் பக்கத்தில் இருந்தது.

4. இப்போது தேதி: மூன்று கொடுங்கள், மூன்றையும் சோதித்துக் கொடுங்கள்

ஒரே தேதி கொடுத்தால் அது கட்டளையாகத் தோன்றும். “உங்களுக்கு வசதியான நாள் சொல்லுங்கள்” என்றால் பதிலே வராது. கடிதம் போகும் நாளிலிருந்து மூன்று வாரம் தள்ளி, ஒவ்வொன்றும் இரண்டு நாளாக மூன்று தெரிவுகள் கொடுப்பது எங்களுக்குச் சரியாக இருந்திருக்கிறது. மூன்று வாரத்துக்குக் குறைந்தால் வெளியூரில் இருக்கும் பதிவேடுகள் ஆலைக்குத் திரும்பி வராது.

பருவத்தை முதலில் பாருங்கள். சம்பா அறுவடை ஜனவரியில் தொடங்கிப் பிப்ரவரியில் நிறைய வருகிறது. முதல் வரத்து குவியும் நாட்களில் சென்றால் மேலாளர் எடைமேடையை விட்டு நகர மாட்டார். அறுவடையெல்லாம் முடிந்து ஆலை ஓய்ந்த பின் சென்றால் நின்ற இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வரலாம். பொங்கல் கழிந்து ஒரு மாதம் போனால், புது நெல் ஓடிக்கொண்டிருக்கும், ஆளும் பழகியிருப்பார்கள்.

2025 ஜனவரி 27 திங்கட்கிழமை அனுப்பிய கடிதத்தில் நாங்கள் கொடுத்தவை பிப்ரவரி 18–19, 20–21, 24–25. இருபத்தாறாம் தேதி மகா சிவராத்திரி என்பதால், அதற்கு மறுநாள் கண் விழித்த ஆட்களோடு ஆய்வு செய்ய வேண்டாம் என்று இருபத்தைந்தோடு நிறுத்தினோம். மூன்றில் இரண்டு அடிபட்டன. அடிபட்ட காரணங்களை நீங்களும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

முதல் தேதி அடிபட்டது புகையூட்டத்தால். வண்டுக்காக அரிசி அட்டியைத் தார்ப்பாயால் மூடி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்திருந்தால், ஏறத்தாழ ஏழு நாள் மூடியே இருக்க வேண்டும். திறந்த பின்னும் காற்றோட்டம் விட்டு, வாயு இல்லை என்று அளந்து பார்க்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அந்த வாயு ஆளைக் கொல்லும். பதினான்காம் தேதி அட்டியை மூடப் போவதாக மேலாளர் சொன்னதும் 18–19 போனது. “கொஞ்ச நேரம்தானே, எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்” என்று அவரே சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது தேதியும் அந்த ஏழு நாளுக்குள் வந்தது; அதோடு மின் நிறுத்தமும் சேர்ந்தது. துணைமின் நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புக்கு முன்கூட்டியே நாளிதழில் அறிவிப்பு வரும். பெரும்பாலும் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது. எந்தத் துணைமின் நிலையத்திலிருந்து ஆலைக்கு மின்சாரம் வருகிறது, அதன் பராமரிப்பு எந்த நாள் என்று மேலாளரிடம் கேட்டாலே போதும். சில ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்காமல் வேறோர் ஆலைக்குப் போய், ஜெனரேட்டரில் ஓடிய ஒரே ஒரு விளக்கின் கீழ் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஆக 24–25 நின்றது. திங்கட்கிழமையாயிற்றே, ஞாயிறு விடுமுறையில் ஆலை நின்றிருந்தால் அரைப்பதற்கு என்ன இருக்கும் என்று எங்கள் பையன் ஒருவன் சரியாகவே கேட்டான். சனிக்கிழமை உலர்த்திய நெல் ஆறவைக்கப்பட்டுத் திங்கள் அரைக்கப்படும் என்று மேலாளர் உறுதி சொன்ன பிறகே ஒப்புக்கொண்டோம்.

5. ஆவணங்களை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்

நாற்பது ஆவணங்களைப் பட்டியலிட்டு “எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்புக” என்றால் எதுவும் வராது. முன்கூட்டியே அனுப்ப வேண்டியவை சில; மேசையில் மூலமாக இருக்க வேண்டியவை மற்றவை.

முன்கூட்டியே கேட்பவை ஐந்துதான்: உணவுப் பாதுகாப்பு உரிமம், ஆலை வரைபடம், பாய்லர் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, சரக்கு வைக்கப்படும் எல்லா இடங்களின் முகவரிப் பட்டியல். வரைபடம் இல்லை என்று சொல்வார்கள். உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த வரைபடத்தின் நகல் எங்காவது இருக்கும், அதைக் கேளுங்கள். உரிமத்தின் 14 இலக்க எண்ணை `foscos.fssai.gov.in` தளத்தில் போட்டு, பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்தால் பாதி ஆய்வு முடிந்துவிடும். எங்கள் உதாரணத்தில் முகவரிப் பட்டியலில் நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாடகைக் குடோன் இருந்தது. உரிமத்தில் அது இல்லை. தனி வளாகத்தில் உணவுப் பொருள் சேமித்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். மேலாளருக்கு அது தெரியவே தெரியாது. மறைக்கும் எண்ணம் இருந்திருந்தால் பட்டியலில் எழுதியிருக்க மாட்டார். முன்பே தெரிந்ததால் அந்தக் குடோனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தது, அவரும் எங்கள் வருகைக்கு முன்பே விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டார்.

மேசையில் இருக்க வேண்டியவை: நெல் வரத்து, ஊறல், உலர்த்தல், அரவை, அனுப்புகைப் பதிவேடுகள், ஈரப்பதமானியின் அளவுத் திருத்தச் சான்று, எடைக்கருவிகளின் முத்திரைச் சான்று, பணியாளர்களின் மருத்துவச் சான்றுகள், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமும் அதன் வருகைச் சீட்டுகளும். எந்த மாதத்துப் பதிவேடு என்பதை எழுதிக் கொடுங்கள். பழைய பதிவேடுகள் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கணக்கர் அலுவலகத்தில் கட்டிக் கிடப்பது வழக்கம். மாதம் சொல்லாவிட்டால் நடப்பு மாதம் மட்டும்தான் மேசையில் இருக்கும்.

அனுப்புகைப் பதிவேட்டில் மற்ற வாடிக்கையாளர்களின் பெயரும் விலையும் இருக்கும். அவற்றைக் காகிதம் வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்று நாமே முன்வந்து எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே பதிவேட்டைத் தர மறுத்த ஆலைகள் உண்டு.

6. லாட் தடம் பார்க்கும் சோதனையை அறிவியுங்கள்; எண்ணை அறிவிக்காதீர்கள்

ஒரு லாட் அரிசியை எடுத்து, அது எந்த நெல்லிலிருந்து வந்தது என்று பின்னோக்கிச் செல்லும் சோதனை நடக்கும் என்பதைக் கடிதத்தில் சொல்லுங்கள், ஏனெனில் பதிவேடு எழுதுபவர் அந்த நேரத்தில் ஆலையில் இருக்க வேண்டும். எந்த லாட் என்பதை மட்டும் நீங்கள் உங்கள் கிடங்கிலிருந்து தேர்ந்தெடுத்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பே சொன்னால் அந்த ஒரு லாட்டுக்கு மட்டும் பதிவேடு அழகாக இருக்கும்.

நாங்கள் எடுத்தது நவம்பரில் வந்த 400 சிப்பம், ஒவ்வொன்றும் 25 கிலோ. மொத்தம் 10,000 கிலோ. பதிவேட்டில் அந்த லாட்டுக்கு எழுதியிருந்த நெல் 13,000 கிலோ. அதாவது நூறு கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 77 கிலோ அரிசி. அரசுக் கொள்முதல் நெல்லை அரைத்துக் கொடுக்கும்போது புழுங்கலுக்கு எதிர்பார்க்கும் அளவே 68 கிலோதான். உமி மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மேலே தவிடும் கழியும், நொய்யைப் பிரித்தால் இன்னும் குறையும். 77 நடக்காத காரியம். மழை நாட்களில் நெல் உலராததால் வேறோர் ஆலையிலிருந்து அரிசி வாங்கிக் கலந்ததாகக் கணக்குப்பிள்ளை கடைசியில் சொன்னார். அந்த வரத்து எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நவம்பர் மாதப் பதிவேட்டைக் குறிப்பாகக் கேட்டிருக்காவிட்டால் இது வெளியே வந்திருக்காது.

7. கடிதம்

முதலில் மேலாளரிடம் பேசுங்கள், பிறகு முதலாளி பெயருக்குக் கடிதம், மேலாளருக்கு அதன் நகல். பேசாமல் வரும் கடிதம் நோட்டீஸ் போலப் படும். எங்கள் கடிதத்தின் முதன்மைப் பகுதி இது:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். தங்கள் ஆலையிலிருந்து எங்களுக்கு வரும் புழுங்கல் அரிசி தொடர்பாக, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆய்வுக்காக எங்கள் தரப் பிரிவிலிருந்து இருவர் வர விரும்புகிறோம். வரவுசெலவுக் கணக்கும் விலையும் இதில் அடங்கா.
>
> பிப்ரவரி 18–19, 20–21, 24–25 ஆகிய மூன்றில் தங்களுக்கு ஏற்றதைத் தெரிவிக்க வேண்டுகிறோம். முதல் நாள் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி, மறுநாள் நண்பகலில் முடிப்போம். இரவு ஊறலையும் அதிகாலை அவியலையும் பார்க்க அனுமதி வேண்டும். அந்நாட்களில் புகையூட்டம், மின் நிறுத்தம், பாய்லர் பராமரிப்பு ஏதும் இருப்பின் தெரிவிக்கவும்.
>
> இணைப்பு ஒன்றில் பார்க்கும் இடங்களும், இணைப்பு இரண்டில் ஆவணங்களும் உள்ளன. முதல் ஐந்து ஆவணங்களின் நகலைப் பிப்ரவரி 10-க்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். மற்றவை ஆலையில் மூலமாக இருந்தால் போதும். பிற வாடிக்கையாளர் விவரங்களை மறைத்துக்கொள்ளலாம்.
>
> மதிய உணவை நாங்கள் முடித்துக்கொண்டு வருவோம்.

கடைசி வரியைச் சிலர் மரியாதைக் குறைவு என்பார்கள். டெல்டாவில் இலை போட்டால் இரண்டு மணி நேரம் போகும். வேண்டாம் என்று வாசலில் நின்று சொல்வதைவிடக் கடிதத்தில் சொல்வது நல்லது. புறப்படும்போது காரில் ஏறும் ஒரு சிப்பம் அரிசிக்கும் இதே கதைதான். காபி குடிக்கலாம்.

8. ‘எப்ப வேணா வாங்க சார்’ என்பது உறுதி அல்ல

அது விருந்தோம்பல். முதலாளிக்குத் தெரியாமலே மேலாளர் அப்படிச் சொல்லியிருப்பார். தேதி, நேரம், யார் ஆலையில் இருப்பார்கள் என்ற மூன்றும் எழுத்தில், வாட்ஸ்அப் செய்தியாகவாவது, வந்த பிறகே உறுதி. பாய்லர் இயக்குபவரும் பதிவேடு எழுதுபவரும் அன்று விடுப்பில் இல்லை என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முந்தின நாள் மாலை இன்னொரு முறை அழைத்து, “இன்றிரவு தொட்டியில் நெல் இறங்குகிறதா, நாளை இரவும் இறங்குமா?” என்று மட்டும் கேளுங்கள். இறங்காது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மூடிய காலணி, தூசிக்கான முகமூடி, அரவைக் கூடத்தின் இரைச்சலுக்குக் காதடைப்பான், சொந்த வெப்பமானி ஆகியவற்றை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். ஆலையில் இருப்பது முதலாளியின் பெயர் போட்ட தொப்பி ஒன்றுதான்.

நிறைவுக் கூட்டத்துக்கு முதலாளி இருக்க வேண்டும் என்பதையும் இந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். குறைகளை மேலாளரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அவை முதலாளி காதுக்கு மேலாளருக்கு ஏற்ற வடிவத்தில் போய்ச் சேரும். நீடாமங்கலத்தில் முதலாளி பன்னிரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். வெப்பநிலைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அவர் முன் விரித்து வைத்தோம். மேலிருந்து கீழ் வரை 65 என்று இருந்ததை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்த இரவுப் பணியாளரைக் கூப்பிடச் சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கு முன் தொட்டியின் மானி வேலை செய்கிறதா என்று பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். மானியின் முள் 65-இல் இறுகிக் கிடந்தது.